விடையை வகையிட்டால் ஒத்துப்போகவில்லை: அந்த மீதி எதைச் சொல்கிறது?

கேள்வி: "∫ x² e^(3x) dx கணக்கைப் பகுதித் தொகையிடலில் செய்தேன். x²e^(3x)/3 − 2xe^(3x)/9 − 2e^(3x)/27 + C என்று வந்தது. வகையிட்டுப் பார்த்தால் x²e^(3x) திரும்ப வரவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்வதைத் தவிர வேறு வழி இருக்கிறதா? இன்னொரு சந்தேகம். ∫ sin x cos x dx-க்குப் புத்தகத்தில் sin²x/2 என்று இருக்கிறது, எனக்கு −cos 2x/4 வந்தது. இங்கே வகையிட்டால் சரியாக வருகிறது, ஆனால் விடை வேறாக இருக்கிறது. அப்படியானால் வகையிட்டுப் பார்ப்பதை எவ்வளவு தூரம் நம்பலாம்?"

வேறு வழி இருக்கிறது. ஒத்துப்போகாமல் உங்கள் கையில் நிற்கும் அந்த மீதியை வைத்தே விடையைத் திருத்திவிடலாம். பெரும்பாலும் எந்தப் படியில் தவறு நேர்ந்தது என்பதையும் அதிலேயே கண்டுகொள்ளலாம். பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். வகையிட்டுப் பார்க்கும் மாணவர்கள்கூட "வரவில்லை" என்று கண்டதும் அந்தத் தாளைக் கசக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதைத்தான் பார்க்கிறேன். தேவையான தகவல் எல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

எது உறுதி என்பதை முதலில் பிரித்துவிடுவோம். ஒரு இடைவெளியில் உள்ள எல்லாப் புள்ளிகளிலும் F′(x) = f(x) என்றால், அந்த இடைவெளியில் F சரியான விடை. அதை எந்த முறையில் கண்டீர்கள், நடுவில் என்ன பிரதியிட்டீர்கள், புத்தகத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்பவை எதுவும் இதை மாற்றாது. ஊகித்து எழுதிய விடையாக இருந்தாலும் வகையிட்டு ஒத்துப்போனால் அது சரிதான். சந்தேகத்துக்கு இடமிருப்பது இரண்டு விஷயங்களில் மட்டும்: வகையிட்டதையே சரியாகச் செய்தீர்களா என்பது ஒன்று, "எல்லாப் புள்ளிகளிலும்" என்ற சொல் உங்கள் விடைக்கு உண்மையாகவே பொருந்துகிறதா என்பது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் பிறகு வருகிறேன்.

இப்போது உங்கள் கணக்கு. மூன்று உறுப்புகளையும் தனித்தனியாக வகையிடுவோம். x²e^(3x)/3-ஐ வகையிட்டால் x²e^(3x) + (2/3)xe^(3x). −2xe^(3x)/9-ஐ வகையிட்டால் −(2/3)xe^(3x) − (2/9)e^(3x). −2e^(3x)/27-ஐ வகையிட்டால் −(2/9)e^(3x). மூன்றையும் கூட்டும்போது xe^(3x) உள்ள உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. எஞ்சுவது x²e^(3x) − (4/9)e^(3x). வர வேண்டியது x²e^(3x) மட்டும். ஆகவே வந்ததிலிருந்து வர வேண்டியதைக் கழித்தால் மீதி −(4/9)e^(3x). இந்த மீதியை R என்று வைத்துக்கொள்கிறேன், அதாவது R = F′ − f.

திருத்தம் இங்கிருந்து ஒரே வரி. F-ஐ வகையிட்டால் f + R வருகிறது. அப்படியானால் F-இலிருந்து R-இன் தொகையீட்டைக் கழித்துவிட்டால், வகையிடும்போது f மட்டும் வரும். −(4/9)e^(3x)-இன் தொகையீடு −(4/27)e^(3x). அதைக் கழிப்பது 4/27 e^(3x)-ஐக் கூட்டுவதற்குச் சமம். உங்கள் கடைசி உறுப்பில் −2/27 இருந்தது, அதனோடு 4/27-ஐக் கூட்டினால் +2/27. சரியான விடை x²e^(3x)/3 − 2xe^(3x)/9 + 2e^(3x)/27 + C. முதல் இரண்டு உறுப்புகளை நீங்கள் தொடவே வேண்டியதில்லை. இந்தத் திருத்தத்தில் ஊகம் எதுவும் கிடையாது. R-ஐத் தொகையிட முடிகிற வரையில், தவறு எங்கே நடந்தது என்று தெரியாமலே விடையைச் சரிசெய்துவிடலாம்.

ஆனாலும் தவறு எங்கே என்று தெரிந்துகொள்வது நல்லது, அடுத்த கணக்கிலும் அதே தவறு வரக்கூடும் அல்லவா? R-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உங்கள் கடைசி உறுப்பை மட்டும் தனியே வகையிட்டபோது −(2/9)e^(3x) வந்தது. R அதில் சரியாக இரண்டு மடங்கு. இந்த "இரண்டு மடங்கு" குறி மாறிப்போனதன் அடையாளம். ஏனென்றால் + ஆக இருக்க வேண்டிய ஓர் உறுப்பு − ஆக எழுதப்பட்டால், அது தர வேண்டியதைத் தராமல் விட்டது ஒரு பங்கு, தரக் கூடாததைத் தந்தது இன்னொரு பங்கு. இரண்டும் ஒரே அளவு, ஒரே திசை. அந்த உறுப்பை எழுதவே மறந்திருந்தால் மீதி ஒரு மடங்காக, அதாவது −(2/9)e^(3x) ஆக, நின்றிருக்கும். 2/27 என்பதற்குப் பதில் 2/9 என்று எழுதியிருந்தால், அதாவது மூன்றால் ஒருமுறை வகுக்க மறந்திருந்தால், கெழு மூன்று மடங்காகியிருக்கும், மீதி +(4/9)e^(3x) என்று வந்திருக்கும். இந்த மூன்று தவறுகளிலும் e^(3x) என்ற வடிவம் ஒன்றுதான். குறியும் அளவும்தான் அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன.

மீதியின் வடிவம் இன்னொன்றையும் சொல்கிறது: எத்தனையாவது முறை பகுதித் தொகையிடல் செய்தபோது தவறினீர்கள் என்பதை. இந்தக் கணக்கில் அதை இரண்டு முறை செய்ய வேண்டும். முதல் முறை x² ஒரு படி இறங்கி ∫ xe^(3x) dx எஞ்சுகிறது, இரண்டாம் முறை x இறங்கி ∫ e^(3x) dx எஞ்சுகிறது. உங்கள் மீதியில் x இல்லை, வெறும் e^(3x) மட்டும் இருக்கிறது. எனவே முதல் முறை சரியாகவே செய்திருக்கிறீர்கள். இரண்டாம் முறையில் வந்த கழித்தல் குறி, வெளியே ஏற்கெனவே இருந்த கழித்தலோடு சேர்ந்து கூட்டலாக மாறியிருக்க வேண்டும், அங்கேதான் அடைப்புக்குறியைப் போடாமல் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடைப்புக்குறி என்பது என் ஊகம், இரண்டாம் படியில் குறி மாறியது என்பது மீதியே காட்டும் செய்தி.

ஒப்பிட்டுப் பார்க்க, முதல் படியிலேயே குறி தவறியிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டு, அதன் பிறகு எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தால் விடை x²e^(3x)/3 + 2xe^(3x)/9 − 2e^(3x)/27 என்று வந்திருக்கும். இதை வகையிட்டால் x²e^(3x) + (4/3)xe^(3x). மீதி (4/3)xe^(3x). இரண்டு உறுப்புகளில் குறி மாறியிருந்தும் மீதியில் ஒரே ஓர் உறுப்புதான் நிற்கிறது, அதுவும் x-ஓடு. வெறும் e^(3x) உள்ள பகுதி முழுவதும் அடிபட்டுப்போனதற்குக் காரணம், முதல் படிக்குப் பிறகு செய்த வேலை தன்னளவில் சரியாக இருந்ததுதான். இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்: வழியில் ஒருமுறை தவறி, பிறகு ஒழுங்காக நடந்திருந்தால், தவறிய இடத்தை மட்டுமே மீதி காட்டும், அதன் விளைவுகளைக் காட்டாது. விடைத்தாளில் இரண்டு உறுப்புகள் தவறு, ஆனால் செய்த பிழை ஒன்றே.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு வெவ்வேறு பிழைகள் ஒரே வடிவ உறுப்பில் விழுந்துவிட்டால் மீதியில் அவை கலந்துவிடும், பிரித்தறிய முடியாது. அப்போதும் R-ஐத் தொகையிட்டுக் கழிக்கும் திருத்தம் சரியாகவே வேலை செய்யும், "இங்கேதான் தவறு" என்ற கண்டுபிடிப்பை மட்டும் நம்ப முடியாது.

மீதியைக் கழித்துப் பார்ப்பதைவிட வகுத்துப் பார்ப்பது சில கணக்குகளில் விரைவாக வழிகாட்டும். ஒரே உறுப்பு உள்ள விடைகளில் F′/f என்ன என்று பாருங்கள். ∫ cos 5x dx-க்கு sin 5x என்று எழுதியவருக்கு விகிதம் 5 வரும், உள்ளே இருக்கும் 5x-க்காக வகுக்க மறந்திருக்கிறார். 5 sin 5x என்று எழுதியவருக்கு 25 வரும், வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறார். −sin 5x/5 என்றால் விகிதம் −1, சைனுக்கும் கொசைனுக்கும் எந்தத் திசையில் குறி மாறும் என்பதில் குழப்பம். விகிதம் மாறிலியாக வந்தால் கவலை இல்லை, விடையை அந்த மாறிலியால் வகுத்தால் முடிந்தது. ∫ x⁴ dx-க்கு 4x³ என்று எழுதியிருந்தால் வகையிடும்போது 12x² வரும், x-இன் அடுக்கு இரண்டு குறைந்து நிற்கும். அப்படிக் கண்டால் தொகையிடுவதற்குப் பதில் வகையிட்டுவிட்டீர்கள் என்று உடனே சொல்லிவிடலாம்.

விகிதம் மாறிலியாக இல்லாமல் x-ஐக் கொண்டதாக இருந்தால்தான் கவனிக்க வேண்டும். இதில் நான் அடிக்கடி காணும் தவறு ஒன்று. ∫ e^(x²) dx-ஐ e^(3x) போலவே நினைத்து, உள்ளே இருப்பதன் வகையீடான 2x-ஆல் வகுத்து e^(x²)/(2x) என்று எழுதிவிடுகிறார்கள். இதை வகையிடும்போது வகுத்தல் விதியைப் பயன்படுத்த வேண்டும், ஏனென்றால் கீழே இருப்பது மாறிலி அல்ல. வருவது e^(x²) − e^(x²)/(2x²). முதல் உறுப்பு கேட்டதுதான், இரண்டாவது மீதி. 3-ஆல் வகுத்தபோது மீதி வராததற்கும் 2x-ஆல் வகுக்கும்போது மீதி வருவதற்கும் காரணம் ஒன்றே: 1/3-இன் வகையீடு பூச்சியம், 1/(2x)-இன் வகையீடு பூச்சியம் அல்ல. உள்ளே இருப்பது ax + b வடிவில் இருந்தால் மட்டுமே "உள்ளே இருப்பதன் வகையீட்டால் வகு" என்ற குறுக்கு வழி செல்லும்.

இங்கே என் முந்தைய திருத்தத்தைச் செய்து பாருங்கள். R = −e^(x²)/(2x²). இதைத் தொகையிட்டுக் கழிக்க வேண்டும். ஆனால் இந்த மீதி, கொடுத்த கணக்கைவிடச் சிக்கலாக இருக்கிறது. மீதி, தொடங்கிய கணக்கைவிட எளிதாகாமல் கடினமானால், பிழை ஒரு குறியிலோ கெழுவிலோ இல்லை, தேர்ந்தெடுத்த வழியே அந்தச் சார்புக்குப் பொருந்தாது என்று கொள்ளலாம். இந்தக் கணக்கில் அது இன்னும் ஆழமானது: e^(x²)-க்கு, நாம் பள்ளியில் பயன்படுத்தும் பல்லுறுப்புக் கோவை, அடுக்குக்குறி, மடக்கை, முக்கோணவியல் சார்புகளைச் சேர்த்து முடிவான ஒரு கோவையாக விடை எழுதவே முடியாது. இத்தகைய முடிவுகளுக்கு 1830-களில் அடித்தளம் போட்டவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசப் லியூவில். ஆகவே அப்படி ஒரு விடையை யார் எழுதினாலும், வகையிடும்போது ஏதாவது ஒரு மீதி நின்றே தீரும். இன்னொரு அடையாளமும் அந்த விடையிலேயே இருந்தது: e^(x²), x = 0-இல் 1 என்ற சாதாரண மதிப்பைக் கொண்டிருக்கிறது, விடையோ அங்கே எல்லையற்றுப் போகிறது. வகையிடாமலே சந்தேகப்பட்டிருக்கலாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. sin²x/2 சரி, −cos 2x/4 சரி. −cos²x/2 என்று வேறொருவர் எழுதினால் அதுவும் சரி. மூன்றையும் வகையிட்டால் sin x cos x வருகிறது. cos 2x = 1 − 2sin²x என்று வைத்துப் பாருங்கள்: −cos 2x/4 = sin²x/2 − 1/4. உங்கள் விடைக்கும் புத்தக விடைக்கும் உள்ள வேறுபாடு 1/4 என்ற மாறிலி மட்டுமே, அதை C உள்ளே எடுத்துக்கொள்கிறது. ஓர் இடைவெளியில் இரண்டு சார்புகளின் வகையீடுகள் ஒன்றாக இருந்தால் அவற்றின் வேறுபாடு மாறிலியாகத்தான் இருக்க முடியும், லெக்ராஞ்சியின் இடைமதிப்புத் தேற்றம் இதை உறுதிசெய்கிறது. புத்தக விடையோடு உங்கள் விடை ஒத்துப்போகவில்லை என்றால் ஒன்றை மற்றொன்றாக மாற்றப் போராட வேண்டாம். இரண்டு இடங்களில் மதிப்பிட்டு வேறுபாட்டைப் பாருங்கள். x = 0-இல் புத்தக விடை 0, உங்களுடையது −1/4. x = π/2-இல் புத்தக விடை 1/2, உங்களுடையது 1/4. இரண்டு இடத்திலும் வேறுபாடு 1/4. இரண்டு புள்ளிகள் நிரூபணம் ஆகா, ஆனால் அவற்றில் வேறுபாடு மாறியிருந்தால் இரண்டு விடைகளில் ஏதோ ஒன்று தவறு என்பது உறுதியாகியிருக்கும்.

நம்பலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். வகையிட்டுப் பார்க்கும் முறை ஏமாற்றும் ஒரு சூழ்நிலை, தொகையிடும்போது இருந்த தவறான நம்பிக்கையே வகையிடும்போதும் இருப்பது. cos x-இன் வகையீடு sin x என்று (குறி இல்லாமல்) ஒருவர் நினைவில் வைத்திருந்தால், ∫ sin x dx = cos x என்று எழுதுவார், பிறகு அதே நினைவோடு வகையிட்டு "சரியாக வந்துவிட்டது" என்று மகிழ்வார். தாளில் எல்லாம் ஒத்துப்போகும், விடை தவறு. வகையிடும் விதிகளையே பயன்படுத்தாத ஒரு சோதனைதான் இதைப் பிடிக்கும்.

அந்தச் சோதனை எண்களால் செய்வது. ஒரு x-ஐத் தேர்ந்தெடுத்து, அதற்குச் சற்று முன்னும் பின்னும் F-இன் மதிப்பைக் கணிப்பானில் கண்டு, வேறுபாட்டை இடைத்தூரத்தால் வகுக்க வேண்டும்: (F(x+h) − F(x−h))/(2h). உங்கள் கணக்கின் திருத்திய விடைக்கு x = 0.5, h = 0.001 என்று செய்து காட்டுகிறேன். F(0.501) ≈ 0.208610, F(0.499) ≈ 0.206369. வேறுபாடு 0.002241, அதை 0.002-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.12. கொடுத்த சார்பு x²e^(3x), x = 0.5-இல் 0.25 × e^1.5 ≈ 1.1204. ஒத்துப்போகிறது. திருத்துவதற்கு முந்தைய உங்கள் விடையின் சாய்வு அதே இடத்தில் ஏறக்குறைய −0.871. எண்ணை விடுங்கள், குறியே தவறு: x²e^(3x) எங்கும் குறை எண்ணாகாது, ஆகவே அதன் தொகையீடு எங்கும் இறங்கக் கூடாது. உங்கள் விடை −2/3-க்கும் 2/3-க்கும் இடையில் இறங்கிக்கொண்டிருந்தது. h-ஐ மிகமிகச் சிறிதாக்கினால் துல்லியம் கூடும் என்று நினைக்க வேண்டாம். ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது கணிப்பானின் இலக்கங்கள் தீர்ந்துபோகும். சாதாரணக் கணிப்பானுக்கு 0.001 போதும்.

புள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். சோதிப்பதற்கு எளிது என்று எல்லோரும் x = 0-ஐ எடுப்பார்கள். மேலே முதல் படியில் குறி தவறிய விடையை நினைத்துப் பாருங்கள், அதன் மீதி (4/3)xe^(3x). x = 0-இல் இந்த மீதி பூச்சியம். தவறான விடை சோதனையில் தேறிவிடும். 0, 1, π/2 போன்ற இடங்களில் உறுப்புகள் மறைந்துபோகும் அல்லது தற்செயலாகச் சமமாகும். 0.7, 1.3 போல ஒன்றுமில்லாத எண்களாக இரண்டை எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. முக்கோணவியல் சார்புகள் வரும் கணக்கில் F′/f என்ற விகிதம் 0.01745 என்று வந்தால் தாளில் பிழை தேடாதீர்கள். அது π/180, கணிப்பான் ரேடியனில் இல்லாமல் பாகையில் இருக்கிறது.

நான் முன்பு தள்ளிவைத்த "எல்லாப் புள்ளிகளிலும்" என்ற சொல்தான் கடைசி விஷயம். வகையிடுதலை மிகச் சரியாகச் செய்தும் ஏமாறக்கூடிய இடம் இது. ∫ dx/(2 + cos x)-ஐ t = tan(x/2) என்று பிரதியிட்டுச் செய்தால் அது ∫ 2dt/(3 + t²) ஆகி, விடை F(x) = (2/√3) arctan(tan(x/2)/√3) என்று வரும். இதை வகையிட்டுச் சுருக்கினால் 1/(2 + cos x) அப்படியே திரும்ப வருகிறது. மீதி பூச்சியம். இப்போது 0-இலிருந்து 2π வரை வரையறுத்த தொகையீட்டைக் கேட்டால், F(2π) = 0, F(0) = 0, எனவே விடை 0 என்று வருகிறது. அது நடக்கவே முடியாது. 2 + cos x எப்போதும் 1-க்கும் 3-க்கும் இடையில் இருப்பதால் கொடுத்த சார்பு எங்கும் 1/3-க்குக் குறையாது. பரப்பு குறைந்தது 2π/3, அதாவது 2.09-க்கு மேல் இருந்தாக வேண்டும்.

வகையீட்டுச் சோதனை பொய் சொல்லவில்லை. x = π-இல் tan(x/2)-க்கு மதிப்பே இல்லை, ஆகவே அங்கே F-உம் இல்லை. சோதனை உண்மையில் உறுதிசெய்தது, π-க்கு முன்னுள்ள இடைவெளியிலும் பின்னுள்ள இடைவெளியிலும் தனித்தனியாக F சரி என்பதை மட்டும்தான். π-ஐ இடப்பக்கமிருந்து நெருங்கினால் F, π/√3-ஐ நோக்கிப் போகிறது. வலப்பக்கமிருந்து நெருங்கினால் −π/√3-ஐ நோக்கிப் போகிறது. நடுவில் 2π/√3 அளவு ஒரு குதிப்பு. தொகையிடல் மாறிலி இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 1/x-க்கு ln|x| + C என்று எழுதும்போதும் பூச்சியத்துக்கு இரு பக்கமும் C வேறுவேறாக இருக்கலாம். அங்கே கொடுத்த சார்பே பூச்சியத்தில் உடைகிறது, யாரும் அதைக் கடந்து தொகையிட முயல மாட்டார்கள். இங்கே கொடுத்த சார்பு π-இல் எந்தச் சிக்கலும் இல்லாமல் 1 என்ற மதிப்போடு இருக்கிறது, உடைந்திருப்பது நம் விடை மட்டும். அதனால்தான் கண்ணுக்குத் தப்புகிறது.

ஆகவே எல்லைகள் கொடுத்த கணக்கில், வகையிட்டுப் பார்த்த பிறகு இன்னொரு முறை F-ஐப் பாருங்கள்: இரண்டு எல்லைகளுக்கு நடுவே tan, வகுத்தல், மடக்கை போன்ற ஏதாவது உடையும் இடம் இருக்கிறதா? இருந்தால் அங்கே இடைவெளியைப் பிரித்து இரு பக்கத்து எல்லை மதிப்புகளையும் எடுக்க வேண்டும். இந்தக் கணக்கில் 0-இலிருந்து π வரை π/√3 − 0, π-இலிருந்து 2π வரை 0 − (−π/√3). கூட்டினால் 2π/√3, ஏறக்குறைய 3.63, பரப்பு 2.09-க்கு மேல் இருக்க வேண்டும் என்பதோடு பொருந்துகிறது. பிரிக்க விரும்பாவிட்டால் எங்கும் உடையாத வடிவம் ஒன்றும் இதற்கு உண்டு: x/√3 − (2/√3) arctan(sin x/(2 + √3 + cos x)). இதன் வகையீடும் 1/(2 + cos x)-தான், நேரம் கிடைக்கும்போது வகையிட்டுப் பாருங்கள். அவ்வளவு வேண்டாம் என்றால் x = 0-இல் 1/3, x = π-இல் 1 என்று வருகிறதா என்று மட்டுமாவது பார்த்துவிட்டு, 0.7-இல் எண்களால் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.